அறுபதாயிரமா, ஒன்றா?

ஹோனென் என்ற ஜப்பானியத் துறவி ஒரு நாளைக்கு 60,000 முறை அமிதாப புத்தரின் பெயரைச் சொல்லிவந்தார், வயதான பிறகு அதை 70,000 ஆக்கிக்கொண்டார் என்று அவரைப் பற்றிய பழைய வரலாறுகள் சொல்கின்றன. இப்படி ஒரு எண் கண்ணில் பட்டால் முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் தோன்றும். 'நமு அமிதா புத்சு' என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னால் இரண்டு விநாடியாவது ஆகும். தினமும் சொல்பவர்கள் வாயில் அது தேய்ந்து 'நமந்தாபு' என்று ஆகிவிடும். அப்படிச் சொன்னால் ஒரு விநாடிக்குள் முடிக்கலாம். சரி, விநாடிக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். 60,000 விநாடி என்பது 16 மணி 40 நிமிடம். 70,000 என்றால் பத்தொன்பதரை மணி நேரத்தை நெருங்குகிறது. மிச்சமிருக்கும் நேரத்தில் தூங்கவும் சாப்பிடவும் வேண்டும், தேடி வந்தவர்களிடம் பேசவும் வேண்டும்.

இந்த எண் அப்படியே உண்மையா என்று நான் வாதிடப் போவதில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் அவர் வாய் ஓயவில்லை என்ற அளவில் எடுத்துக்கொண்டால் எனக்குப் போதும். என்னை இழுத்தது வேறு விஷயம். ஒரே ஒரு முறை சொன்னாலும் அமிதாபரின் தூய நாடான சுகாவதியில் பிறப்பது உறுதி என்று ஊருக்கெல்லாம் சொன்னவரும் இதே ஹோனென்தான். ஒன்று போதும் என்றால் மீதி 59,999 எதற்கு? அவர் உயிரோடு இருந்தபோதே அவருடைய சீடர்கள் இதை வைத்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். புத்தர் பெயரைச் சொல்லித் தூய நாட்டில் பிறக்கும் இந்த வழியைப் பற்றி நான் படித்ததில் மிகவும் பிடித்த பகுதி அந்தச் சண்டைதான். பெயரைச் சொல்வது யார் செய்யும் வேலை என்ற கேள்வி அதில்தான் வெளிப்படையாக வருகிறது.

முதலில் கதை. எண்ண முடியாத காலத்துக்கு முன்பு ஒரு அரசன் நாட்டைத் துறந்து பிக்குவானான். அவன் பெயர் தர்மாகரன். நான் புத்தனாகும்போது எனக்கென்று ஒரு நாடு இருக்கும், அது இப்படி இப்படி இருக்க வேண்டும் என்று அவன் வரிசையாகச் சூளுரைக்கிறான். சீன மொழியில் பெரிதும் வழங்கும் சூத்திரத்தில் அவை 48. அங்கே நரகம் இருக்காது, பசித்த பேய்கள் இருக்காது, பிறந்தவர் யாரும் மறுபடி கீழே விழமாட்டார்கள் என்று போகிற பட்டியலில் பதினெட்டாவது சூளுரைதான் இந்தச் சமயத்தின் ஆணிவேர். எந்தத் திசையில் உள்ள உயிரும் மனதார நம்பி, என் நாட்டில் பிறக்க விரும்பி, பத்து முறை மட்டுமே என்னை நினைத்திருந்தாலும் அங்கே பிறக்க வேண்டும், அப்படிப் பிறக்க முடியவில்லை என்றால் நான் புத்தனாக மாட்டேன் என்கிறான். பெற்றவரைக் கொல்வது போன்ற ஐந்து பெரும் பாவங்களைச் செய்தவர்களுக்கும் தர்மத்தைப் பழித்தவர்களுக்கும் மட்டும் இது கிடையாது என்று ஒரு விலக்கும் வைக்கிறான்.

அவன் புத்தனாகிப் பத்து கல்பம் ஆகிவிட்டது, அவன்தான் அமிதாபர், மேற்கே எண்ணற்ற புத்த உலகங்களைத் தாண்டி அவருடைய சுகாவதி இருக்கிறது என்று சூத்திரம் சொல்கிறது. அதாவது, நிபந்தனை வைத்தவர் புத்தனாகிவிட்டார் என்றால் நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று அர்த்தம். பிற்காலத்து ஆசிரியர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இடத்தில்தான். அங்கே போவது மோட்சம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே இத்தனை இடைஞ்சல்களோடு செய்ய முடியாத சாதனையை அங்கே தடையின்றி முடித்து ஞானம் பெறலாம் என்பதுதான் பழைய கருத்து.

பத்து என்ற எண் இன்னொரு சூத்திரத்திலும் வருகிறது. அது நடக்கும் இடம் ராஜகிருகம். அஜாதசத்ரு தன் தகப்பன் பிம்பிசாரனைச் சிறையில் அடைத்துப் பட்டினி போட்டிருக்கிறான். ராணி வைதேகி (சீதை அல்ல, இவள் வேறு வைதேகி) குளித்துவிட்டு, தேன் கலந்த மாவை உடம்பில் பூசிக்கொண்டு, நகைகளுக்குள் திராட்சைச் சாற்றை மறைத்து எடுத்துப் போய்க் கணவனுக்கு ஊட்டுகிறாள். விஷயம் தெரிந்ததும் மகன் அவளையும் அடைத்துவிடுகிறான். துயரமே இல்லாத ஓர் இடத்தைக் காட்டுங்கள் என்று அவள் அழும்போது புத்தர் வந்து, சுகாவதியை மனக்கண்ணில் காண்பதற்குப் பதினாறு தியானங்களைச் சொல்லித்தருகிறார். அஸ்தமிக்கும் சூரியனில் ஆரம்பித்து, தண்ணீர், நிலம், மரங்கள் என்று படிப்படியாகப் போகும் கடினமான பயிற்சி.

கடைசித் தியானத்தில் ஆட்களைத் தரம் பிரிக்கும் ஒரு பட்டியல் வருகிறது. அதில் கடைக்கோடியில் இருப்பவன் ஐந்து பெரும் பாவங்களையும் செய்தவன். சாகக் கிடக்கிறான். பக்கத்தில் ஒரு நல்லவர் வந்து புத்தரை நினை என்கிறார். வலியில் அவனால் நினைக்க முடியவில்லை. நினைக்க முடியாவிட்டால் பெயரையாவது சொல் என்கிறார். அவன் பத்து முறை சொல்கிறான். சொல்லி முடித்து உயிர் போனதும் சுகாவதியில் ஒரு தாமரைக்குள் பிறக்கிறான். அந்தத் தாமரை விரியப் பன்னிரண்டு பெருங்கல்பம் ஆகும், ஆனாலும் உள்ளே வந்துவிட்டான்.

இரண்டு சூத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு சிக்கல். முதலாவதில் பத்து முறை நினைப்பது, இரண்டாவதில் பத்து முறை வாயால் சொல்வது. முதலாவதில் பெரும் பாவிகளுக்கு இடமில்லை, இரண்டாவதில் இடம் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் சீனாவில் வாழ்ந்த ஷான்தாவ் (613–681) இரண்டையும் தீர்த்துவைத்தார். சூளுரையில் உள்ள பத்து நினைவும் பத்துக் குரல்தான் என்றார். விலக்கு என்பது இன்னும் பாவம் செய்யாதவனை எச்சரிக்கும் பேச்சு, செய்து முடித்தவன் திரும்பினால் அவனையும் புத்தர் விடமாட்டார் என்றார். தகப்பன் மகனை அதட்டும்போது 'வீட்டுப் படி ஏறாதே' என்பதும் மகன் வந்து நின்றால் சோறு போடுவதும் மாதிரிதான் இது என்று எனக்குப் படுகிறது. மனக்கண்ணில் காண்பது என்ற கடினமான தியானத்தை ஓரமாக வைத்துவிட்டு, சாகக் கிடந்த பாவி செய்ததையே எல்லோருக்குமான முதன்மைச் சாதனையாக அவர் ஆக்கிவிட்டார்.

ஹோனெனுக்கு வருவோம். 1133-இல் பிறந்தவர். ஒன்பது வயதில் வீடு தாக்கப்பட்டுத் தகப்பன் இறந்தார். பழி வாங்காதே என்பது தகப்பனின் கடைசி வார்த்தை என்று வரலாறுகள் சொல்கின்றன. பையன் ஹியெய் மலை மடத்துக்குப் போய்ப் பெரிய படிப்பாளியானார். படிப்பு வந்தது, நிம்மதி வரவில்லை. 1175-இல், 43 வயதில், ஷான்தாவின் உரையில் ஒரு வரியைப் படிக்கிறார். நடந்தாலும் நின்றாலும் உட்கார்ந்தாலும் படுத்தாலும், நேரம் அதிகமா குறைவா என்று பார்க்காமல், அந்தப் பெயரை விடாமல் பிடித்திரு, அதுவே பிறப்பை உறுதியாக்கும் செயல், ஏனென்றால் அது அந்தப் புத்தரின் சூளுரையோடு ஒத்துப்போகிறது என்பது அந்த வரியின் சாரம்.

அவரைத் தட்டி எழுப்பியது கடைசியில் வரும் அந்த 'ஏனென்றால்'. பெயர் சொல்வது சிறந்த சாதனை என்பதால் அல்ல, புத்தர் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதால்தான் அது பலிக்கிறது. ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்? 1198-இல் எழுதிய தன் முக்கியமான நூலில் ஹோனென் இதற்கு ஒரு பதில் தருகிறார். சிலை வடிப்பதும் கோயில் கட்டுவதும் நிபந்தனை என்றால் ஏழைக்கு வழியில்லை. அறிவுதான் நிபந்தனை என்றால் அறிவில்லாதவனுக்கு வழியில்லை. நிறையக் கேட்டு நிறையப் படித்திருக்க வேண்டும் என்றால் படிக்காதவன் போக முடியாது. ஒழுக்க விதிகளைக் காப்பது என்றால் அதை மீறியவனுக்கு வழியில்லை. பணக்காரன், அறிவாளி, படித்தவன், விதி காத்தவன் எல்லாம் சிலர். ஏழை, முட்டாள், படிக்காதவன், மீறியவன் எல்லாம் பலர். எல்லோரையும் ஒரே மாதிரி அழைத்துக்கொள்ள நினைத்த புத்தர் வாய் இருந்தால் போதும் என்பதை நிபந்தனையாக வைத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், கோயில் கட்டிப் புண்ணியம் சேர்த்த பிரபுக்களின் ஊரில், பெரிய பிரபு ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகவே எழுதிய நூலில் இப்படி எழுதியிருக்கிறார். மடங்கள் கோபப்பட்டதில் ஆச்சரியமே இல்லை.

எண்ணுவது எப்படி என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம், அது சுவையானது. சாதாரண மாலையில் 108 மணி. பத்தாயிரக் கணக்கில் சொல்பவருக்கு அது போதாது. எத்தனை சுற்று ஆனது என்பதே மறந்துபோகும். ஹோனெனின் வழியில் வந்த ஜோதோ பிரிவில் ஒன்றோடொன்று கோத்த இரண்டு வளையங்கள் உள்ள ஒரு மாலை உண்டு. ஹோனெனின் சீடர் ஒருவர் இரண்டு மாலைகளை வைத்து எண்ணியதிலிருந்து இது வந்தது என்பார்கள். இதில் ஒரு வகையில் ஒரு வளையத்துக்கு 40 மணி, மற்றதுக்கு 27. ஒரு முறை பெயர் சொன்னால் முதல் வளையத்தில் ஒரு மணி நகரும். 40 முடிந்தால் இரண்டாவதில் ஒரு மணி. அந்த 27-உம் முடிந்தால் 1,080. அப்போது குஞ்சத்தில் தொங்கும் ஆறு உருண்டை மணிகளில் ஒன்றைத் தள்ள வேண்டும். ஆறும் முடிந்தால் 6,480, பக்கத்தில் உள்ள பத்துத் தட்டை மணிகளில் ஒன்று நகரும். பத்தும் தீர்ந்தால் 64,800. ஹோனெனின் 60,000-ஐத் தாண்டிவிட்டது. கையில் அடங்கும் ஒரு கணக்குப் பெட்டி.

சீனாவில் இதற்கு நேர்மாறாக மாலையே வேண்டாம் என்றவரும் உண்டு. யின்குவாங் (1861–1940) என்ற துறவி ஒன்றிலிருந்து பத்து வரை மனதுக்குள் எண்ணு, பத்து ஆனதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கு, இருபது முப்பது என்று போகாதே என்றார். பத்தை ஒரே மூச்சில் பிடித்துவைக்க முடியாவிட்டால் மூன்று, மூன்று, நான்கு என்று உடைத்துக்கொள்ளலாம். எத்தனை ஆயிரம் சேர்ந்தது என்று கடைசியில் யாருக்கும் தெரியாது. மனம் அலைந்தால் உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் ஏழா எட்டா என்று குழம்பிவிடும். அவர் எண்ணைக் கணக்குக்காக வைக்கவில்லை, மனதைக் கட்டிப்போடுவதற்கு வைத்தார்.

ஹோனென் எண்ணுக்குக் கொடுத்த இடமும் சாதாரணமானதுதான். இத்தனை என்று வைத்துக்கொள்ளாவிட்டால் சோம்பல் வந்துவிடும், அவ்வளவே. அவருடைய பேச்சில் இந்த இலகுத்தன்மை நிறைய உண்டு. பெயர் சொல்லும்போது தூக்கம் வருகிறது, என்ன செய்வது என்று ஒருவர் கேட்டாராம். 'விழித்திருக்கும்போது சொல்லுங்கள்' என்றாராம் ஹோனென். பதினான்காம் நூற்றாண்டில் இதை எழுதிவைத்த கென்கோ என்ற துறவி இதை மிகவும் ரசித்திருக்கிறார். எனக்கும் அப்படித்தான். தூக்கத்தை ஜெயிக்க ஒரு முறையும் அவர் சொல்லித்தரவில்லை, தூங்கினால் தோற்றாய் என்று பயமுறுத்தவும் இல்லை.

பயம் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது. ஹோனெனுக்கு முன்பு ஜப்பானில் சுகாவதி வழிபாடு பெரும்பாலும் மரணப் படுக்கையைச் சுற்றியே இருந்தது. கென்ஷின் என்ற துறவி 985-இல் எழுதிய வழிகாட்டி நூல் இதை விரிவாகச் சொல்கிறது. நோயாளியைத் தனி இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே புத்தர் சிலை இருக்கும். சிலையின் கையிலிருந்து ஐந்து வண்ணத்தில் ஒரு பட்டை தொங்கும், அதன் மறுமுனையை நோயாளி பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே, என்ன தெரிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானையே ஆட்டிவைத்த ஃபுஜிவாரா நோ மிச்சினாகா இப்படிப் புத்தர் சிலைகளின் கையிலிருந்து வந்த கயிற்றைப் பிடித்தபடிதான் இறந்தார் என்று சொல்லப்படுகிறது. கடைசி நொடியில் மனம் தடுமாறினால் வாழ்நாள் முழுதும் செய்தது வீண் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. வாழும்போது லட்சக்கணக்கில் சொல்லிவைத்தால் சாகும்போது நாக்கு தானாகச் சொல்லும் என்ற கணக்கும் அங்கிருந்துதான் வருகிறது. 1212-இல் ஹோனென் சாகக் கிடந்தபோது சீடர்கள் ஐந்து வண்ணக் கயிற்றைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அதெல்லாம் மற்றவர்கள் வழக்கமாகச் செய்வது, எனக்கு வேண்டாம் என்று அவர் பிடிக்கவில்லை.

இப்போது சண்டை. ஒரு முறை போதும் என்ற பக்கத்தில் கோசாய் என்ற சீடரின் பெயர் அடிபடும். பல முறை என்ற பக்கத்தில் ரியுகான். ஒன்று போதும் என்பதைக் கடைசி வரை இழுத்துப்போனவர்கள் ஒரு முறை சொன்ன பிறகு மறுபடி சொல்வதே புத்தர்மேல் சந்தேகப்படுவதுதான் என்றார்கள். அதற்கும் மேலே போய், காப்பாற்றப்பட்டாயிற்று, இனி என்ன பாவம் செய்தாலும் பரவாயில்லை என்று சிலர் திரிந்தார்கள். மறுபக்கத்தை இழுத்துப்போனால் எத்தனை சொன்னாலும் போதுமா என்ற கவலை தீராது, சாவு வரை எதுவும் உறுதியில்லை. ஹோனெனின் பதில் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம் போலத் தெரியும்: நம்புவதை ஒரு முறையிலேயே பிறப்பு உண்டு என்று நம்பு, செய்வதை ஆயுள் முழுதும் செய். ஒன்று போதும் என்று சொல்லி ஏனோதானோ என்று செய்யாதே, பலமுறை சொல்வதால் ஒன்றைச் சந்தேகிக்காதே. எனக்கு இது வாழ்வதற்கு நல்ல பதில், ஆனால் கேள்வியை மூடும் பதில் இல்லை. அந்த 59,999 எதற்கு என்பது அப்படியே நிற்கிறது.

1207-இல் இந்தக் கூட்டம் சிதறியது. அரண்மனைப் பெண்கள் சிலர் இவர்களுடைய வழிபாட்டுக்குப் போய்த் துறவு பூண்டதில் ஓய்வுபெற்ற பேரரசர் கோ-தோபா ஆத்திரமடைந்தார். நான்கு பேருக்கு மரண தண்டனை. ஹோனென் நாடு கடத்தப்பட்டார். அவருடைய சீடர் ஷின்ரானை வடக்கே எச்சிகோவுக்கு அனுப்பினார்கள். துறவுப் பெயரைப் பறித்து இல்லறத்தார் பெயர் கொடுத்தார்கள். அவர் பிறகு தன்னைத் துறவியும் அல்ல, இல்லறத்தானும் அல்ல என்று சொல்லிக்கொண்டார். எஷின்னியோடு குடும்பம் நடத்தினார், பிள்ளைகள் பிறந்தார்கள்.

இந்த எஷின்னி எழுதிய கடிதங்கள்தான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். 1921-இல் கியோத்தோவின் நிஷி ஹொங்கன்ஜி கோயில் பண்டகசாலையில் கிடைத்தன. அதுவரை, ஷின்ரான் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா என்று கேட்ட வரலாற்று ஆய்வாளர்கள்கூட உண்டு. ஒரு கடிதத்தில் அந்த அம்மாள் ஒரு காய்ச்சலை விவரிக்கிறார்.

1231-ஆம் ஆண்டு, நான்காம் மாதம். ஜப்பானில் கடும் பஞ்சம் இருந்த காலம். ஷின்ரானுக்கு அப்போது 59 வயது. நண்பகலிலிருந்து சளி பிடித்தது போலிருந்து, சாயங்காலம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இடுப்பையோ காலையோ பிடித்துவிடுகிறோம் என்றால் விடவில்லை, பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்ளவும் இல்லை, சத்தமில்லாமல் கிடந்தார். தொட்டால் உடம்பு நெருப்பாகச் சுட்டது. தலைவலி சாதாரணமானது இல்லை. நான்காம் நாள் விடியற்காலை, வேதனையின் நடுவே, 'அப்படித்தான் இருக்கும்' என்றார். என்ன, பிதற்றுகிறீர்களா என்று எஷின்னி கேட்டார். பிதற்றவில்லை என்று சொல்லி ஷின்ரான் விளக்குகிறார். படுத்த இரண்டாம் நாளிலிருந்து, 48 சூளுரைகள் வரும் அந்தப் பெரிய சூத்திரத்தை இடைவிடாமல் மனதுக்குள் படித்துக்கொண்டே இருக்கிறார். கண்ணை மூடினால் சூத்திரத்தின் எழுத்துகள் ஒன்றுவிடாமல் பளிச்சென்று தெரிகின்றன. பெயர் சொல்வதைத் தவிர வேறு என்ன என் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யோசித்தபோது பதினேழு பதினெட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது.

1214-இல் குடும்பத்தோடு கிழக்கே போகும் வழியில், சனுகி என்ற இடத்தில், உயிர்களின் நன்மைக்காகச் சூத்திரங்களை ஆயிரம் முறை ஓதுவது என்று அவர் உட்கார்ந்தார். நான்கைந்து நாள் ஓதிய பிறகு, தானும் நம்பி மற்றவரையும் நம்பவைப்பதுதான் புத்தருக்குச் செய்யும் உண்மையான நன்றி என்று தெரிந்தும், பெயரை விட்டால் வேறு என்ன குறை என்று ஓதிக்கொண்டிருக்கிறேன் என்று எண்ணி நிறுத்திவிட்டு, ஹிதாச்சிக்குப் புறப்பட்டுப் போனார். அந்த ஆயிரம் இன்னும் மனதில் எங்கோ மிச்சமிருக்கிறது. மனிதருக்குத் தன் முயற்சியின்மேல் உள்ள பற்று அவ்வளவு ஆழமானது, அதை நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்த பிறகு ஓதுவது நின்றது. அதனால்தான் 'அப்படித்தான் இருக்கும்' என்றேன் என்கிறார். அப்புறம் வியர்த்துக் கொட்டி ஜுரம் விட்டது.

ஒன்றா பலவா என்ற சண்டைக்கு நான் படித்ததிலேயே சிறந்த பதில் இதுதான். எண்ணுகிறவன் யாராக இருந்தாலும், அவன் கையில் ஒரு சேமிப்புப் புத்தகம் இருக்கிறது. ஆயிரம் முறை ஓதினால் பஞ்சத்தில் சாகிறவர்களுக்கு ஏதாவது ஆகும் என்று நினைப்பது கெட்ட எண்ணமே இல்லை. கருணைதான். ஆனால் அந்தக் கருணையும் 'நான் செய்து சேர்த்தேன்' என்ற வரவில்தான் எழுதப்படுகிறது. எண்ணுவதை நிறுத்துவது ஒரு முடிவு எடுத்தால் ஆகிற காரியமில்லை என்பதைத்தான் அந்தக் காய்ச்சல் காட்டியது. நிறுத்திப் பதினேழு வருடம் கழித்து, உடம்பு தளர்ந்ததும், உள்ளே இருந்த குமாஸ்தா எழுந்து மறுபடி கணக்கெழுத உட்கார்ந்துவிட்டான்.

இதிலிருந்து ஷின்ரானுடைய போதனை இயல்பாகவே விளங்குகிறது. பெயரைச் சொல்வது நான் புத்தரை நோக்கிச் செய்யும் செயல் அல்ல, புத்தர் என்னை அழைப்பதுதான் என் வாயில் குரலாக வருகிறது என்பார். நம்பிக்கை நிலைத்த அந்தக் கணத்திலேயே பிறப்பு முடிவாகிவிடுகிறது. பிறகு ஆயுள் முழுதும் வாயில் வருவதெல்லாம் நன்றி. ஹோனெனின் மீதி 59,999-க்கு இங்கே ஒரு வேலை கிடைக்கிறது. அவை எதையும் சம்பாதிப்பதில்லை, அதனால் அவற்றை எண்ணவும் தேவையில்லை. (வைணவத்தில் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி வாதம் தெரிந்தவர்களுக்கு இது எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். வரலாற்றில் இரண்டுக்கும் தொடர்பு இல்லை.)

இந்த இடத்தில் கவனிக்க வேண்டிய ஆபத்தும் இருக்கிறது. பாவம் செய்வதே அமிதாபரின் கருணைக்குத் தகுதி என்று பேசிய சீடர்கள் கிழக்கு மாகாணங்களில் முளைத்தார்கள். மருந்து இருக்கிறது என்பதற்காக விஷத்தை விரும்பிக் குடிக்காதே என்று ஷின்ரான் எழுதினார். நன்றி என்பதும் ஒரு பரீட்சையாக மாறிவிடலாம், எனக்கு ஆனந்தம் வரவில்லையே, அப்படியென்றால் என் நம்பிக்கை போலியா என்று. யுய்என் என்ற சீடர் இதை நேராகவே கேட்டுவிட்டார். பெயரைச் சொல்கிறேன், ஆனால் துள்ளிக் குதிக்கும் மகிழ்ச்சி வரவில்லை, சீக்கிரம் தூய நாட்டுக்குப் போக வேண்டும் என்ற ஆசையும் இல்லை, ஏன்? ஷின்ரானின் பதில், 'எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. உனக்கும் அதேதானா?' கொஞ்சம் உடம்பு சரியில்லை என்றாலும் செத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம், பழகிய துயரத்தை விட்டுப் போக மனமில்லை, அப்படிப்பட்டவர்களுக்காகத்தானே அந்தச் சூளுரை என்றார். ஆனந்தத்தையும் அளக்கக் கூடாது என்பது இதன் பொருள்.

1260-இல் அவர் எழுதிய ஒரு கடிதம் உண்டு. முந்தைய ஆண்டும் அந்த ஆண்டும் பஞ்சத்திலும் நோயிலும் எத்தனையோ பேர் செத்திருந்தார்கள். அப்படிச் செத்தவர்களுக்குக் கடைசி நேரத்தில் பக்கத்தில் ஓதவோ கயிறு நீட்டவோ யார் இருந்திருப்பார்கள்? ஒருவர் எப்படிச் செத்தார், நல்லபடியாகவா கெட்டபடியாகவா என்பதை நான் பொருட்படுத்துவதில்லை என்று எழுதுகிறார். கென்ஷினின் மரணப் படுக்கை நூலுக்கு நேர் எதிரே நிற்கும் வரி இது.

1262-இன் கடைசி மாதங்களில் (நம் காலண்டரில் 1263 ஜனவரி) ஷின்ரான் கியோத்தோவில் இறந்தார். வயது 90. கூட இருந்தவர் கடைசி மகள் கக்குஷின்னி. அவர் எச்சிகோவில் இருந்த அம்மாவுக்கு எழுதியது கிடைக்கவில்லை. ஆனால் எஷின்னி அனுப்பிய பதிலைப் படித்தால், மகளுக்கு ஏதோ உறுத்தல் இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்பா இறந்தபோது, தூய நாட்டில் பிறப்பதற்கு அடையாளமாகச் சொல்லப்படும் ஊதா மேகமும் வரவில்லை, மணமும் வரவில்லை, சாதாரணமாகச் செத்துப்போனார் என்ற உறுத்தல். அதற்காகத்தான் அந்த அம்மாள் பழைய கதைகளைச் சொல்கிறார். இளம் ஷின்ரான் ரொக்காக்குதோ கோயிலில் நூறு நாள் இருக்கப் போய், 95-ஆம் நாள் விடியலில் கனவு கண்டு ஹோனெனைத் தேடிப் போனதை எழுதுகிறார். காய்ச்சலையும் சனுகியில் விட்டுவந்த ஆயிரத்தையும் எழுதுகிறார். முடிவு எப்படி இருந்திருந்தாலும் சரி, அவர் பிறந்துவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை என்கிறார்.

எஷின்னிக்கு அப்போது 82 வயது. அந்தக் கடிதங்களில் பெரும்பகுதி பஞ்சமும் நோயும் வேலைக்காரர்களின் நிலைமையும்தான். அடுத்த ஆண்டு எழுதியதில், சாவதற்கு முன் தனக்கு ஐந்தடுக்கில் ஏழடி உயரக் கல் ஸ்தூபி ஒன்று கட்டிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். கயிறும் சடங்கும் வேண்டாம் என்றவரோடு இத்தனை வருடம் வாழ்ந்தவருக்குக் கல் ஸ்தூபி ஆசை. இதைப் படித்தபோது அந்த அம்மாள்மேல் எனக்கு நம்பிக்கை கூடத்தான் செய்தது. 1268-இல், நமக்குக் கிடைத்துள்ள கடைசிக் கடிதத்தில், நான் இதோ சுகாவதிக்குப் போய்விடுவேன், அங்கே எதுவும் இருட்டாக இருக்காது, எல்லாம் தெரியும், நீயும் தவறாமல் பெயரைச் சொல்லி அங்கே வந்து என்னைப் பார் என்று மகளுக்கு எழுதுகிறார். எத்தனை முறை சொல்ல வேண்டும் என்று குறிப்பிடவில்லை.